ஒரு லட்சம் கேட்கும் மகனுக்கு முதலில் ஒரு கொப்பி

அக்கா, ஏ.எல். எழுதிவிட்டு இருக்கும் மகன் பங்குச் சந்தையில் பழக ஒரு லட்சம் கேட்கிறான், கொடுக்கலாமா என்று களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்து கேட்டீர்கள். இப்போது கொடுக்க வேண்டாம். பழகுவதைத் தடுக்கவும் வேண்டாம்.

முதல் இரண்டு மாதம் வாசிப்பு மட்டும். கொழும்புப் பங்குச் சந்தையின் cse.lk தளத்தில் தனக்குத் தெரிந்த பொருள் விற்கும் ஒரு கம்பனியின் ஆண்டறிக்கையையும் கடைசி நாலு காலாண்டு அறிக்கைகளையும் எடுத்து, இலாபம் எங்கிருந்து வந்தது, கடன் எவ்வளவு என்று உங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் இன்னும் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் மூன்று மாதம் பணம் போடாமல் கொப்பியில் மட்டும் வியாபாரம். இதில்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள், அதுவும் தங்களுக்கே தெரியாமல். கடைசியாகக் கைமாறிய விலையை எழுதி, அதே விலைக்கு வாங்கினேன், விற்றேன் என்று கணக்குப் போடுவார்கள். உண்மையில் எந்த நேரமும் இரண்டு விலை இருக்கும்: வாங்குபவர் தருவதாகச் சொல்லும் விலை, விற்பவர் கேட்கும் விலை. ஒரு பங்குக்கு அவை 20.00, 20.20 என்று வைப்போம். மகன் உடனே 250 பங்கு வேண்டுமென்றால் 20.20 கொடுக்க வேண்டும், அது 5,050 ரூபா. தரகும் மற்றக் கட்டணங்களும் சேர்த்து 1.12 வீதம், ஏறக்குறைய 57 ரூபா. மனம் மாறி மறுநாள் அதே விலைகளில் விற்றால் 20.00தான் கிடைக்கும், 5,000 ரூபாவில் இன்னொரு 56 ரூபா கழியும். விலை அசையவே இல்லை, கொப்பியில் நட்டம் பூச்சியம், கையில் 163 ரூபா நட்டம். போட்ட முதல் திரும்பி வர வேண்டுமென்றால் வாங்குபவர் 20.70 தர முன்வர வேண்டும். இரண்டு ரூபாப் பங்கில் இது இன்னும் மோசம், ஏனென்றால் விலை பத்துப் பத்துச் சதமாகத்தான் நகரும், ஒரு படி இறங்கினாலே ஐந்து வீதம் போய்விடும். ஆகவே கொப்பியில் வாங்கும்போது விற்பவர் விலை, விற்கும்போது வாங்குபவர் விலை, இரண்டு பக்கமும் கட்டணம். ஏன் வாங்குகிறேன் என்ற காரணத்தை வாங்குமுன் எழுத வேண்டும், பிறகு திருத்தக் கூடாது.

இப்படி முப்பது வியாபாரம் எழுதிய பிறகு 18 வயதும் ஆகியிருந்தால் வாங்கும் பங்குகள் பதிவாகும் சிடிஎஸ் கணக்குத் திறக்கட்டும். தரகு நிறுவனம் பிணையங்கள் ஆணைக்குழுவின் அனுமதி பெற்றதா, மிகக் குறைந்த கட்டணம் என்று ஏதும் அறவிடுகிறதா என்று முதலே கேளுங்கள். பத்தாயிரம் ரூபா போதும். தரகர் கடன் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லட்டும். என்ன விலைக்கு என்று தானே விலை குறித்த ஓடர் மட்டும் போடட்டும், இந்த வியாபாரங்களை இரண்டாவது கொப்பியில் எழுதட்டும், ஓடர் நிறைவேறாமல் போனால் அதையும் எழுதட்டும்.

பணம் போட்டு ஆறு மாதம் கழித்து இரண்டு கொப்பியையும் கொண்டு என்னிடம் வாருங்கள். எழுதிய காரணம் பிழைத்தும் விற்காமல் வைத்திருந்த இடங்களைத்தான் நான் முதலில் தேடுவேன். அவை நிறைய இருந்தால் பத்தாயிரத்தைக் கூட்ட மாட்டோம், திரும்பவும் கொப்பிக்கே போவோம்.