32 × 24 கட்டங்களுக்குள் ஒரு சூடான திருகு

கேள்வி: எங்கள் மாவு மில்லின் மின்பெட்டியைக் கண்காணிக்க MLX90640 வெப்பப்படச் சென்சாரை ராஸ்ப்பெர்ரி பையுடன் இணைத்திருக்கிறேன். 32 × 24 பிக்சல் படத்தை பைகியூபிக் முறையில் 320 × 240 ஆகப் பெரிதாக்கினேன். படம் அழகாக, வழவழப்பாக வருகிறது. ஆனால் 1 மீட்டர் தூரத்தில் ஒரு டெர்மினல் 43 டிகிரி காட்டுகிறது. மின்சாரத்தை நிறுத்தி உடனே தெர்மோகப்பிளை வைத்தால் 82 டிகிரி. 640 × 480 வரை பெரிதாக்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அந்த டெர்மினலை மட்டும் தனியாகப் பார்க்க உங்கள் சென்சாரால் முடியவில்லை. பார்க்காததைப் பிறகு கணக்குப் போட்டு வரவழைக்க முடியாது.

இந்தச் சென்சாரில் 55 டிகிரி, 110 டிகிரி என இரு பார்வைக் கோணங்கள் கிடைக்கின்றன. உங்களுடையது 55 டிகிரி வகை என்று கொள்கிறேன். அப்படியானால் 1 மீட்டர் தூரத்தில் அது பார்க்கும் அகலம் ஏறத்தாழ 104 செ.மீ. அதை 32 ஆல் வகுத்தால் ஒரு பிக்சலின் பங்கு 3.25 செ.மீ. அகலம், உயரம் சுமார் 2.6 செ.மீ. ஒரு தீப்பெட்டியை விடச் சிறிய பரப்பு. அந்தப் பரப்பிலிருந்து வரும் மொத்த வெப்பக் கதிர்வீச்சையும் சேர்த்து ஒரே ஓர் எண்ணாகத் தருவதுதான் பிக்சலின் வேலை.

உங்கள் டெர்மினலின் முகம் 1 செ.மீ. சதுரம் என்று வைத்துக்கொள்வோம். 8.5 சதுர செ.மீ. பரப்பில் அது எட்டில் ஒரு பங்கு கூட இல்லை. மீதியெல்லாம் 35 டிகிரியில் இருக்கும் பிளாஸ்டிக்கும் தகடும். மின்சாரத்தை நிறுத்திய மறுகணமே டெர்மினல் ஆறத் தொடங்கிவிடும் என்பதால், ஓடும்போது அது 90 டிகிரியில் இருந்திருக்கலாம். கதிர்வீச்சைக் கணக்கிட்டு இந்த இரண்டையும் கலந்தால் கிடைப்பது சுமார் 43 டிகிரி. உங்கள் சென்சார் பழுதில்லை. கலவையின் சராசரியைச் சரியாகவே சொல்லியிருக்கிறது.

அந்தத் தீப்பெட்டிப் பரப்பு முழுவதும் ஒரே சீராக 43 டிகிரியில் இருந்தாலும் பிக்சல் இதே எண்ணைத்தான் தரும். ஒன்று கவலைப்பட வேண்டியதில்லாத மிதமான சூடு. மற்றொன்று காப்புறையைக் கருக்கக்கூடிய தளர்ந்த திருகு. இரண்டும் ஒரே எண்ணாகப் பதிவான பிறகு, அந்த எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எந்த மென்பொருளாலும் இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது.

பெரிதாக்கும்போது நடப்பதை ஒரே வரிசையில் பாருங்கள். சென்சார் தந்தது 35, 35, 43, 35, 35. நேர்கோட்டு முறையில் நான்கு மடங்காக்கினால் 35-க்கும் 43-க்கும் நடுவே 37, 39, 41 என்று நிரப்பப்படும். இந்த மூன்றும் யாரும் அளக்காத எண்கள். உங்கள் மின்பெட்டியில் 39 டிகிரியில் ஓர் இடம் இருக்கிறதா என்பது மென்பொருளுக்குத் தெரியாது. இரண்டு பக்கத்தையும் பார்த்து நடுவில் ஒரு சாய்தளம் போட்டுவிட்டது, அவ்வளவுதான். திரையில் அது சூடு மெல்லப் பரவுவது போலத் தெரிகிறது. உண்மையில் டெர்மினலின் ஓரத்தில் 90 டிகிரி சட்டென்று 35-க்கு இறங்கியிருக்கக் கூடும்.

பைகியூபிக் இன்னும் ஒரு படி மேலே போகும். வரிசை 35, 43, 43, 35 என்று இருந்தால், ஓப்பன்சிவியின் `INTER_CUBIC` இரண்டு 43-களுக்கு நடுவே ஏறத்தாழ 44.5 என்று எழுதும். எந்தப் பிக்சலும் அளந்திராத உச்சம் அது. தலைகீழாக, 43, 35, 35, 43 என்றால் நடுவில் 33.5 வரை இறங்கும். அறையிலேயே இல்லாத ஒரு குளிர்ந்த இடம் படத்தில் முளைத்துவிடும். எச்சரிக்கை மணியை இந்தப் பெரிதாக்கிய படத்தோடு இணைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்; தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள். உச்ச வெப்பநிலையை மூலத் தரவிலிருந்து எடுங்கள். பெரிதாக்குவது கண்ணுக்கு மட்டும் இருக்கட்டும்.

```python
peak = raw.max()   # raw: 24 x 32
view = cv2.resize(raw, (320, 240),
                  interpolation=cv2.INTER_CUBIC)
```

கண்ணுக்கு அது உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. கட்டங்களின் விளிம்புகள் மறைந்தால் பெட்டியின் எந்த மூலை சூடாக இருக்கிறது என்பது சட்டென்று பிடிபடும். ஐயம் வரும்போது `INTER_NEAREST` முறைக்கு மாற்றிப் பாருங்கள். கட்டங்கள் அப்படியே தெரியும். உங்களிடம் உண்மையில் எவ்வளவு தகவல் இருக்கிறது என்பதும் தெரியும்.

இதை நேரில் பார்க்க ஒரு தோசைக்கல் போதும். எண்ணெய் ஏறிக் கறுத்த இரும்புக் கல் வெப்பத்தை நன்றாக உமிழும். அதைச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, நிமிர்த்தி வையுங்கள். ஓர் அட்டையில் 1 செ.மீ. அகலத்தில் இரண்டு செங்குத்துக் கீறல்கள் வெட்டுங்கள். நடுவில் 1 செ.மீ. அட்டை நிற்கட்டும். கல்லைத் தொடாமல் முன்னால் பிடித்து, அட்டை சூடேறுவதற்குள் பாருங்கள். 20 செ.மீ. அருகில் இரண்டு கோடுகள் தெரியும். பின்னால் நகர நகர, சுமார் 30 செ.மீட்டரைத் தாண்டியதும் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே பட்டையாகிவிடும். இப்போது எத்தனை மடங்கு வேண்டுமானாலும் பெரிதாக்குங்கள். பட்டை வழவழப்பாகுமே தவிர, இரண்டாகப் பிரியாது.

மின்பெட்டியிலும் இதே நகர்த்தல்தான் சோதனை. சென்சாரை மெல்ல முன்னால் கொண்டுவரும்போது எண் ஏறிக்கொண்டே போனால், இலக்கு இன்னும் பிக்சலை நிரப்பவில்லை. உங்கள் டெர்மினல் 50 செ.மீ. தூரத்தில் ஏறத்தாழ 64 டிகிரி காட்ட வேண்டும். ஏறுவது நின்ற இடத்தில்தான் நம்பத்தகுந்த எண் இருக்கிறது. லென்ஸும் சற்று மங்கலாக்கும் என்பதால், இலக்கின் மேல் குறைந்தது 3 × 3 பிக்சல்கள் விழ வேண்டும் என்பது நான் பின்பற்றும் அளவு. உங்கள் சென்சாருக்கு அது ஏறத்தாழ 10 செ.மீ. தூரம். மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் அவ்வளவு அருகில் கையை நீட்டக் கூடாது. ஆகவே இந்த வேலைக்கு வேறு சென்சார் தேவை. இதே அளவு கோணத்தில் 160 × 120 பிக்சல் உள்ள ஒன்று 50 செ.மீ. தூரத்திலேயே அந்த 3 பிக்சல்களைத் தந்துவிடும்.

ஒரே இடத்தில் நிற்கும் சென்சாரில் பல படங்களை எடுத்துச் சராசரி காண்பது இரைச்சலைக் குறைக்கும், நுணுக்கத்தைக் கூட்டாது. பிக்சலின் பாதி அளவு மட்டும் நகர்த்தி எடுத்த பல படங்களை இணைத்தால் உண்மையிலேயே புதிய தகவல் சிறிது சேரும், ஏனெனில் அங்கே புதிய அளவீடு நடக்கிறது. ஆனாலும் லென்ஸின் மங்கலைத் தாண்டிப் போக முடியாது. எட்டில் ஒரு பங்கு டெர்மினலுக்கு அது போதாது.

புதிய சென்சார் வாங்கினாலும் பளபளப்பான பித்தளைத் திருகு உங்களை ஏமாற்றும். அது குறைவாகவே உமிழும். எதிரே இருப்பவற்றின் வெப்பத்தைத்தான் பிரதிபலிக்கும். மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, இல்லை என்று டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு, டெர்மினல் முகத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். அதன் உமிழ்திறன் சுமார் 0.95. அளக்க வேண்டியது அந்த டேப்பைத்தான்.

அதற்கு முன்னால், அந்த 82 டிகிரித் திருகை இன்றே ஓர் எலக்ட்ரீஷியனை வைத்து முறுக்கிவிடுங்கள்.