நள்ளிரவில் சாப்பிட்டது நினைவில்லை: தூக்க மாத்திரை காரணமாக இருக்குமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. மூன்று மாதமாகத் தூக்கத்துக்கு ஜோல்பிடெம் 10 மி.கி. போடுகிறார். இரண்டு வாரமாகக் காலையில் பார்த்தால் சோற்றுப் பானை திறந்து கிடக்கிறது, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி இருக்கிறது. கேட்டால் "நான் எழுந்திருக்கவே இல்லையே" என்கிறார். மறதி நோயா?

பதில்: மறதி நோயைவிட அந்த மாத்திரை மேல்தான் எனக்குச் சந்தேகம். ஜோல்பிடெம் மூளையை ஒரே சீராகத் தூங்க வைப்பதில்லை. சில பேருக்கு நடக்க, கையாள, விழுங்கத் தேவையான பகுதிகள் விழித்துக்கொள்ள, யோசிப்பதும் நினைவில் பதிப்பதும் உறக்கத்திலேயே இருந்துவிடும். அதனால் அடுப்பைப் பற்ற வைப்பார், சாப்பிடுவார், காலையில் ஒன்றும் தெரியாது. அம்மா பொய் சொல்லவில்லை. தயவுசெய்து திட்டாதீர்கள்.

பெண்கள் உடலில் இந்த மருந்து மெதுவாகவே வெளியேறுகிறது. 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான சாதாரண மாத்திரையின் அளவை 10-லிருந்து 5 மி.கி. ஆகக் குறைக்கச் சொன்னது அதனால்தான். ஆனால் அளவைக் குறைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். குறைந்த அளவிலும், முதல் மாத்திரையிலேயேகூட இப்படி நடந்திருக்கிறது. தூக்கத்திலேயே வண்டி ஓட்டி விபத்தில் இறந்தவர்களும் உண்டு. 2019-ல் அதே அமைப்பு மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்த்தது: ஒருமுறை இப்படி நடந்தவருக்கு இந்த மருந்தை மறுபடி தரக்கூடாது. எஸ்ஜோபிக்லோன் என்ற இன்னொரு தூக்க மாத்திரைக்கும் அதே எச்சரிக்கைதான். ஆகவே ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாற்றிக்கொள்வதில் பயனில்லை.

இன்று இரவு மாத்திரை நேரத்துக்கு முன்பே, எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேசி நிறுத்துங்கள். சொன்ன அளவுக்கு மேல் போட்டுவந்தாரா, வேறு தூக்க மருந்தோ வலி மருந்தோ மதுவோ கூட இருக்கிறதா என்று கேட்டுவைத்துக்கொண்டு அவரிடம் சொல்லுங்கள். அதிக அளவில் பழகிய உடம்பில் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அப்போது படிப்படியாகக் குறைப்பதை மருத்துவரே திட்டமிட வேண்டும். நிறுத்திய சில இரவுகள் தூக்கம் முன்பைவிட மோசமாக இருக்கும். அதற்குப் பயந்து திரும்பப் போட்டுவிடாதீர்கள்.

இது முழுமையாக விடும்வரை சமையலறையில் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவையுங்கள். வண்டிச் சாவியும் மாத்திரை அட்டையும் உங்களிடம் இருக்கட்டும். இரவில் நடமாடுவதைப் பார்த்தால் உலுக்க வேண்டாம். தாழ்ந்த குரலில் பேசி, கையைப் பிடித்துப் படுக்கைக்குக் கூட்டிவாருங்கள்.

வண்டி ஓட்டுபவராக இருந்தால் காலையில் வண்டி நிறுத்திய இடம் மாறியிருக்கிறதா, புதுக் கீறல் இருக்கிறதா, பாதத்தில் மண் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். தெரியாத காயம், சூடுபட்ட தழும்பு, போனில் நினைவில்லாத அழைப்பு, பச்சை அரிசியோ வெறும் மாவோ தின்ற அடையாளம், காரணமில்லாமல் ஏறும் எடை எல்லாமே குறிகள்தான்.

மாத்திரை நின்று இரண்டு வாரம் ஆன பிறகும் தொடர்ந்தால், குறட்டையோடு மூச்சுத் தடை இருக்கிறதா, படுத்தால் கால் அசைக்காமல் இருக்க முடியவில்லையா என்று தூக்க மருத்துவரிடம் காட்டிப் பாருங்கள்.