ஃபாஸ்டெம் பேச்சு: ஒரு வாரம் முன்னால் அறிவிப்பில் என்ன எழுதுவது?

கேள்வி: அடுத்த ஞாயிறு காலை 11 மணிக்கு பிரஸ்ஸல்ஸில், திறந்த மூல மென்பொருள் மாநாடான ஃபாஸ்டெமில் 25 நிமிடம் பேசுகிறேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பெரிய டேபிள்களில் ஆட்டோவேக்யூம் பற்றி. கூட்டம் சேர வேண்டும் என்றில்லை, விஷயம் தெரிந்தவர்கள் வந்தால் போதும். இப்போது என்ன எழுதி அறிவிக்கலாம்?

பதில்:

கூட்டம் எப்படியும் வரும். ஃபாஸ்டெமுக்கு டிக்கெட் கிடையாது, முன்பதிவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் ULB பல்கலைக்கழக வளாகத்துக்குள் நடந்து வந்து எந்த அறையிலும் உட்காரலாம். பெரிய அரங்கமான யான்சனை விட்டால் பெரும்பாலானவை சாதாரண வகுப்பறைகள். இருக்கை நிரம்பியதும் தன்னார்வலர் கதவில் FULL என்ற தாளை ஒட்டிவிடுவார். அதன்பின் உள்ளிருந்து யாராவது வெளியே வந்தால்தான் அடுத்தவருக்கு இடம். அப்படிக் கதவருகே நின்று ஆட்களைத் திருப்பி அனுப்பும் வேலையை நானும் பார்த்திருக்கிறேன். சும்மா எட்டிப் பார்க்க வந்தவர் உள்ளே வசதியாக உட்கார்ந்திருப்பார். அந்தப் பேச்சுக்காகவே வந்தவர் வெளியே வரிசையில் நிற்பார். உங்கள் அறிவிப்பு தீர்க்க வேண்டிய சிக்கல் இதுதான்.

முதலில் ஒரு வாரத்தில் எது முடியும், எது முடியாது என்று பார்ப்போம். உங்கள் அறிவிப்பைப் பார்த்து யாரும் சென்னையிலிருந்து கிளம்பி வர மாட்டார்கள். ஷெங்கன் விசாவுக்கே வழக்கமாக 15 நாள் ஆகும். வருகிறவர்கள் விமானமும் விடுதியும் எப்போதோ போட்டு முடித்திருப்பார்கள். அவர்களிடம் மிச்சமிருக்கும் ஒரே முடிவு, ஞாயிறு காலை 11 மணிக்கு எந்த அறையில் இருப்பது என்பதுதான். இரண்டு மாதம் முன்னால் கேட்டிருந்தால் அட்டவணையே முழுதாக வந்திருக்காது. முந்தின நாள் இரவு சொன்னால் காலை நேரத்தை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள். கடைசி வாரத்தில்தான் எல்லோரும் அட்டவணையைத் திறந்து, வேண்டியதைக் குறித்து வைக்கிறார்கள். நீங்கள் நுழைய வேண்டிய இடம் அது.

சரி, என்ன எழுதுவது? "இந்த ஆண்டு ஃபாஸ்டெமில் பேசுவதில் பெருமகிழ்ச்சி" என்று தொடங்கினால் நூறு பேர் வாழ்த்துவார்கள், ஒருவர்கூட நேரத்தைக் குறித்து வைக்க மாட்டார். அந்தச் செய்தி அம்மாவுக்கும் அத்தைக்கும் போகட்டும். விஷயம் தெரிந்த ஆளை இழுக்க, அவர் தினமும் முட்டி மோதுகிற ஒன்றை முதல் வரியிலேயே வைக்க வேண்டும். உங்கள் தலைப்பில் அது கைவசமே இருக்கிறது. அழித்த வரிசையும், மாற்றிய வரிசையின் பழைய வடிவமும் செத்த வரிசைகளாக டேபிளிலேயே தங்கும், அவற்றைத் தானாகத் துடைப்பதுதான் ஆட்டோவேக்யூம். ஒரு டேபிளில் 20 சதவீத வரிசைகளோடு இன்னும் 50 வரிசைகள் செத்த பிறகுதான் அது கிளம்பும். போஸ்ட்கிரெஸின் இயல்பு அமைப்பு அப்படி. சின்ன டேபிளில் இதன் பாதிப்பு வெளியே தெரியாது. 100 கோடி வரிசை உள்ள டேபிளில் 20 கோடி செத்த வரிசைகள் சேரும் வரை ஒன்றும் நடக்காது. பதிப்பு 18-இல் இதற்கு 10 கோடி என்று ஒரு உச்சவரம்பு வந்தது. 17-ஐயோ அதற்கு முந்தையதையோ ஓட்டுபவர்களுக்கு அதுவும் இல்லை. இந்தக் கணக்கைப் படித்ததும் "ஐயோ, நம்ம ஆர்டர் டேபிள்" என்று நினைப்பவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள். ஒன்றும் தோன்றாதவர் தாண்டிப் போய்விடுவார், அதுவும் உங்களுக்கு நல்லதே.

அடுத்து, பேச்சு எந்த மட்டத்தில் தொடங்குகிறது என்பதைச் சொல்ல வேண்டும். "நடுத்தர நிலை" என்று எழுதுவார்கள், அது யாருக்கும் ஒன்றும் சொல்லாது. அதற்குப் பதில் ஒரு வரி கட்டளையைக் காட்டுங்கள்:

```sql
ALTER TABLE orders
  SET (autovacuum_vacuum_scale_factor = 0.01);
```

"இதை ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்டு, அப்படியும் போதவில்லை என்று இருப்பவர்களுக்கான பேச்சு" என்று கீழே எழுதினால் போதும். 100 கோடி வரிசை டேபிளில் இந்த வரி 20 சதவீதத்தை 1 சதவீதமாக்கி அந்த எல்லையை 1 கோடிக்குக் கொண்டுவரும் என்று தெரிந்தவர் தன் இடத்தைப் புரிந்துகொள்வார். வேக்யூம் என்றால் என்ன என்று கற்க நினைப்பவருக்கு இது தனக்கானதல்ல என்பது மரியாதையாகவே தெரிந்துவிடும். அப்படி ஒருவரை 25 நிமிடம் உட்கார வைத்து அனுப்புவது அவருக்கும் நல்லதில்லை.

பிறகு, உங்களுக்கே விடை தெரியாத ஒரு கேள்வியை வெளிப்படையாக வைத்துவிடுங்கள். பலர் இதற்குத் தயங்குகிறார்கள். மேடையேறும் ஆளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு எண்ணம். ஆனால் போஸ்ட்கிரெஸின் உள் நிரலை எழுதுபவர்கள் உங்களிடம் பாடம் கேட்க வர மாட்டார்கள். தாங்கள் பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்று இருந்தால் வருவார்கள். "எங்கள் டேபிளில் வேக்யூம் ஓடும் நேரத்தில் பெரும்பகுதி இண்டெக்ஸ்களிலேயே போகிறது. இண்டெக்ஸைக் குறைக்காமல் இதற்கு வழி உண்டா?" என்பது போல ஒன்று போதும். கேள்வி நேரம் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். அடுத்த பேச்சாளர் மடிக்கணினியோடு மேடையருகே வந்து நிற்பார். அதனால் "முடிந்ததும் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் அரைமணி நேரம் இருப்பேன்" என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். பேச்சைத் தவறவிட்டவரும் அங்கே வந்து பிடித்துக்கொள்வார்.

இடம், நேரம் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். கிழமை, தேதி, மணி, கட்டிட எழுத்தோடு அறை எண், இவை எல்லாம் ஒரே வரியில் வரட்டும். வளாகத்தில் H, K, U, AW என்று கட்டிடங்கள் பிரிந்து கிடக்கின்றன. கூட்டத்துக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கப் பத்து நிமிடம்கூட ஆகலாம். அதனால் "11 மணிக்கு" என்று மட்டும் எழுதாமல், முந்தைய பேச்சு எப்போது தொடங்குகிறது என்பதையும் சேர்த்து, அதற்கே வந்து உட்காரச் சொல்லுங்கள். கதவில் தாள் ஒட்டப்படுவதற்கு முன் உள்ளே இருக்க இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியவில்லை. முந்தைய பேச்சாளருக்கும் நாலு பேர் கூடுதலாகக் கிடைப்பார்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நேரலையையும் மறைக்க வேண்டாம். ஃபாஸ்டெம் அறைகளில் நடப்பது இணையத்தில் நேரலையாகப் போகும், காணொளிப் பதிவும் பின்னால் வரும். இதைச் சொன்னால் அறை காலியாகிவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். உங்கள் நோக்கத்துக்கு இது உதவியே செய்யும். கேட்டால் மட்டும் போதும் என்பவர் விடுதியிலிருந்தோ வீட்டிலிருந்தோ பார்த்துக்கொள்வார், பேச வேண்டியவர் நேரில் வருவார். ஊரிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்திய நேரத்தையும் போடுங்கள். அங்கே குளிர்காலத்தில் காலை 11 என்றால் நமக்குப் பிற்பகல் 3:30.

மொத்தத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய இப்படி வரும் (நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள், சாரம் இதுதான், அறை எண் வெறும் உதாரணம்):

> போஸ்ட்கிரெஸ் 17 வரை, 100 கோடி வரிசை உள்ள டேபிளில் 20 கோடி வரிசைகள் செத்த பிறகே ஆட்டோவேக்யூம் எழுந்திருக்கிறது. scale factor-ஐ 0.01 ஆக்கிய பிறகும் எங்களுக்குப் போதவில்லை. ஏன், அதன்பின் என்ன செய்தோம் என்பதைப் பேசுகிறேன். வேக்யூம் அறிமுகம் இதில் இல்லை.
>
> ஞாயிறு காலை 11:00 (இந்தியாவில் 15:30), H கட்டிடம், அறை H.1302. அறை நிரம்பிவிடும், 10:30 பேச்சுக்கே வந்து உட்காருங்கள். நேரலை உண்டு.
>
> இண்டெக்ஸ்களில் போகும் நேரத்தைக் குறைத்தவர் யாராவது இருந்தால் உங்களிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. பேச்சு முடிந்ததும் வாசல் தாழ்வாரத்தில் இருப்பேன்.

இதோடு fosdem.org-இல் உள்ள உங்கள் பேச்சின் பக்கத்துக்கு இணைப்பு கொடுங்கள். அட்டவணையைப் படமாக எடுத்துப் போடாதீர்கள். யாராவது ஒரு பேச்சாளருக்கு உடம்பு சரியில்லை என்றால் கடைசி நேரத்தில் இடமாற்றம் நடக்கும். பக்கம் தானாக மாறும், படம் மாறாது.

பொதுவில் போடுவது பாதி வேலை. மிச்சப் பாதி, பெயர் சொல்லி அழைப்பது. யார் வந்தால் பேச்சு உருப்படும் என்று நினைக்கிறீர்களோ அந்த ஏழெட்டுப் பேருக்குத் தனியாக இரண்டு வரி எழுதுங்கள். எழுதுவதற்கு முன் அட்டவணையில் அதே நேரத்தைப் பாருங்கள். அவர்களில் ஒருவர் வேறொரு அறையில் பேசிக்கொண்டிருக்கலாம், அல்லது ஒரு தலைப்புக்கென ஒதுக்கிய அறையான டெவ்ரூமை நடத்திக்கொண்டிருக்கலாம். அவரைப் பேச்சுக்கு அழைப்பதில் பயனில்லை. தாழ்வாரத்துக்கோ, மதியம் ஒரு காபிக்கோ அழையுங்கள். மற்றவர்களுக்கு ஏன் அவரை அழைக்கிறீர்கள் என்பது வரியில் தெரிய வேண்டும்: "போன மாதம் நீங்கள் எழுதிய அந்த பேட்ச் எங்கள் சிக்கலைத் தொடுகிறது, அந்த அளவீடுகளைக் காட்டப் போகிறேன்." அனைவருக்கும் ஒரே நகல் அனுப்பினால் அது அழைப்பிதழ் மாதிரி ஓரமாகப் போய்விடும்.

அறிவிப்பு வேலை செய்கிறதா என்பது இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். விருப்பக் குறிகளை எண்ண வேண்டாம், எதிர்க்கேள்வி வருகிறதா என்று பாருங்கள். "புதியவர்கள் வரலாமா?" என்று கேட்டால் மட்டத்தைச் சொன்ன வரி சரியாக அமையவில்லை, திருத்துங்கள். "பார்ட்டிஷன் செய்த டேபிள்களைத் தொடுவீர்களா?" என்று கேட்டால் சரியான ஆள் மாட்டியிருக்கிறார். இரண்டு மூன்று பேர் அதையே கேட்டால் பேச்சையே கொஞ்சம் மாற்றலாம், அதற்கும் ஒரு வாரம் தேவைதான். 100 கோடி வரிசையை 100 பார்ட்டிஷன்களாகச் சமமாகப் பிரித்தால் அந்த 20 சதவீதக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, 20 லட்சத்திலேயே தொடங்கும். தாய் டேபிளுக்கோ ஆட்டோவேக்யூம் தானாக ANALYZE செய்யாது, புள்ளிவிவரம் திரட்டும் அந்தக் கட்டளையை நாமே ஓட்ட வேண்டும். இதற்கு ஒரு ஸ்லைடு ஒதுக்கி முன்னால் கொண்டுவந்துவிட்டு, கேட்டவருக்கு "சேர்த்துவிட்டேன்" என்று பதில் எழுதுங்கள். அவர் கண்டிப்பாக வருவார், பெரும்பாலும் பக்கத்து மேசைக்காரரையும் கூட்டிக்கொண்டு வருவார்.

சனிக்கிழமை மாலை உங்கள் பக்கத்தை ஒருமுறை திறந்து அறையும் நேரமும் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். மாறியிருந்தால் மட்டும் அந்த ஏழெட்டுப் பேருக்கு இன்னொரு வரி போகட்டும். மாறாவிட்டால் அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம், பொதுவில் ஒரு நினைவூட்டல் போதும்.