ஆடிட்டரே ஈஆர்பி போட்டுத் தரலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறோம், பிரைவேட் லிமிடெட். ஆடிட் ஃபீஸ் 4 லட்சம். ஆடிட்டர் ஃபர்மின் பெயரிலேயே நடக்கும் கன்சல்டிங் கம்பெனி, ஸ்டாக்கும் கணக்கும் சேர்ந்த ஈஆர்பி மென்பொருள் போட்டுத்தர 30 லட்சம் கேட்கிறது. "கம்பெனி வேற, டீம் வேற, பிரச்சினை இல்லை" என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நிதிக் கணக்கு மென்பொருளை வடிவமைத்து நிறுவும் வேலையை, ஒரு கம்பெனியின் ஆடிட்டர் அதே கம்பெனிக்குச் செய்யக் கூடாது என்கிறது கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 144. பிரைவேட் லிமிடெட்டுக்கும் இது பொருந்தும். ஃபர்மின் பெயரையோ பிராண்டையோ பயன்படுத்தும் வேறு நிறுவனம் செய்தாலும் ஆடிட்டர் செய்ததாகவே கணக்கு. ஆகவே "கம்பெனி வேற" என்ற பதில் இங்கே செல்லாது.

தடையின் காரணத்தை உங்கள் நூல் குடோனிலேயே பார்க்கலாம். நூல் வந்திறங்கும்போது கிலோவுக்கு 4 ரூபாய் லாரி வாடகை கொடுக்கிறீர்கள் என்று வைப்போம். அது நூலின் அடக்கவிலையில் சேர வேண்டும். ஈஆர்பியை அமைப்பவர் தவறுதலாக அதை நேரே செலவுக் கணக்குக்குப் போகும்படி வைத்துவிட்டார். மார்ச் 31 அன்று 40,000 கிலோ கையிருப்பு இருந்தால், ஸ்டாக் மதிப்பும் லாபமும் 1,60,000 ரூபாய் குறைந்து நிற்கும். வெளி ஆடிட்டர் இரண்டு பில்லை எடுத்து ஸ்டாக் ரேட்டோடு ஒப்பிட்டாலே இது தெரிந்துவிடும். சொந்த ஃபர்ம் போட்ட சிஸ்டம் என்றால் அந்த பில்லை எடுக்கவே தோன்றாது, "அதெல்லாம் நம்ம ஆட்கள் சரியாத்தான் வெச்சிருப்பாங்க" என்ற நம்பிக்கை முந்திக்கொள்ளும். தன் வேலையைத் தானே சோதிப்பதில் உள்ள ஆபத்து இதுதான். எனக்கு இதுவே பெரிய கவலை. தவறு கண்ணில் பட்டாலும், 4 லட்சம் தரும் வேலைக்காக 30 லட்சம் தரும் வேலையைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது. கணக்கு மோசடியில் சிக்கி 2001-இல் திவாலான அமெரிக்க நிறுவனம் என்ரான், அதற்கு முந்தைய 2000-ஆம் ஆண்டில் தன் ஆடிட்டரான ஆர்தர் ஆண்டர்சனுக்கு ஆடிட்டுக்காக 2.5 கோடி டாலரும், மற்ற வேலைகளுக்காக 2.7 கோடி டாலரும் கொடுத்திருந்தது.

தனி டீம், வேறொரு பார்ட்னரின் மறுபார்வை போன்ற பாதுகாப்புகள், சட்டம் தடுக்காத வேலைகளுக்குத்தான் உதவும். டாக்ஸ் ஆடிட், வருமான வரி ரிட்டர்ன், பேங்குக்கான சான்றிதழ் எல்லாம் அவரிடமே வாங்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் போர்டின் (ஆடிட் கமிட்டி இருந்தால் அதன்) ஒப்புதல் வேண்டும். ஃபீஸைத் தனியாகக் குறித்துத் தீர்மானம் போட்டுவிடுங்கள். உங்கள் ஆடிட்டரின் ஆபீஸ் பையன் மாதாமாதம் வந்து டாலியில் என்ட்ரி போட்டுத் தருகிறாரா? அதையும் நிறுத்துங்கள். கணக்கு எழுதுவதும் அதே தடைப் பட்டியலில்தான் இருக்கிறது.

ஈஆர்பியை வேறு நிறுவனத்திடம் கொடுங்கள். அவர்கள் போட்டு முடித்தபின் ஸ்டாக் ரேட் சரியாக வருகிறதா என்று ஆடிட்டர் சோதிப்பது அவர் ஆடிட்டிலேயே அடங்கும். ஆடிட்டரின் கன்சல்டிங் கம்பெனிதான் போட வேண்டும் என்றால், வேலை தொடங்கும் முன்பே அவர் ஆடிட்டர் பதவியை ராஜினாமா செய்துவிட வேண்டும். அட்வான்ஸ் மட்டும் கொடுத்திருந்தால் திருப்பி வாங்கிவிடலாம். வேலை தொடங்கிவிட்டது என்றால் பிரிவு 141-இன்படி அவர் தகுதி இழக்கிறார், பதவியும் காலியாகிறது. அதன்பின் அவர் போடும் கையெழுத்தை நம்பி பேலன்ஸ் ஷீட்டை பேங்குக்குக் கொடுக்காதீர்கள். முதலில் வேறு ஆடிட்டரை நியமியுங்கள்.