வி.பி.எஃப்-ல் மாதம் 10,000 போட்டால் ஐந்து வருடத்தில் வட்டி எவ்வளவு சேரும்?

கேள்வி: என் அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய். பி.எஃப்-க்கு மாதம் 6,000 பிடிக்கிறார்கள். நாமாக விரும்பிப் போடும் வி.பி.எஃப்-ல் கூடுதலாக 10,000 போட்டால் ஐந்து வருடத்தில் வட்டி எவ்வளவு வரும்? 20,000 போடுவது நல்லதா? வரி உண்டா?

பதில்:

10,000 தாராளமாகப் போடுங்கள். 20,000 வேண்டாம் என்பது என் கருத்து. சம்பளக் கணக்குப் பிரிவில் பல வருடமாக வேலை பார்க்கிறேன், எனக்கும் வி.பி.எஃப் பிடித்தம் உண்டு. கணக்கைப் போட்டே காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் வட்டி எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு மாத இருப்புக்கும் வட்டி கணக்கிடுகிறார்கள், ஆனால் அதை வருடக் கடைசியில் ஒரே தடவையாகத்தான் இருப்போடு சேர்க்கிறார்கள். ஒரு மாதம் கட்டிய பணத்துக்கு அடுத்த மாதத்திலிருந்து வட்டி உண்டு. அதாவது ஏப்ரலில் கணக்குக்கு வந்த 10,000-க்கு அந்த நிதியாண்டில் 11 மாத வட்டி. மே மாதப் பணத்துக்கு 10 மாதம். மார்ச்சில் வந்ததற்கு அந்த வருடம் வட்டியே கிடையாது. 2023-24, 2024-25 இரண்டு வருடமும் அறிவித்த வட்டி 8.25 சதவீதம். அதையே வைத்துக் கணக்குப் போட்டால், முதல் வருடம் நீங்கள் போடும் 1,20,000-க்குக் கிடைப்பது சுமார் 4,538 ரூபாய்தான். பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு "8.25 என்றார்களே, 4 சதவீதம்கூட வரவில்லையே" என்று என்னிடம் வந்து கேட்டவர்கள் நிறையப் பேர். வட்டி குறையவில்லை, பணம் முழு வருடம் உள்ளே இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் வருடம் பழைய 1,24,538-க்கு முழு வருட வட்டி கிடைக்கிறது. அதோடு புதிதாகப் போட்டதற்கும் சேர்த்து 14,812. மூன்றாம் வருடம் 25,934, நான்காம் வருடம் 37,973, ஐந்தாம் வருடம் 51,006. ஐந்து வருடத்தில் நீங்கள் போட்டது 6,00,000, வட்டி 1,34,263, மொத்தம் 7,34,263. இதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தால் பத்தாவது வருடத்தில் அந்த ஒரு வருட வட்டி, அந்த வருடம் நீங்கள் போடும் 1,20,000-ஐத் தாண்டிவிடும். வட்டி வருடா வருடம் அறிவிக்கப்படுவது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 2015-16-ல் 8.8 சதவீதமாக இருந்தது, 2021-22-ல் 8.1-க்கு இறங்கியது.

ஐந்து வருடத்துக்குப் பிறகு வி.பி.எஃப்-ஐ நிறுத்திவிட்டாலும் பணத்தை எடுக்காமல் விடுங்கள். வேலையில் இருக்கும்வரை வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அந்த 7,34,263 இன்னும் ஐந்து வருடம் சும்மா கிடந்தாலே, இதே வட்டியில் சுமார் 10,91,000 ஆகிறது. தொடர்ந்து ஐந்து வருடம் வேலையில் இருப்பதற்கு முன்பே எடுத்தால் வரி வரும், அதையும் கவனியுங்கள்.

இனி வரி. 2021 ஏப்ரல் 1 முதல், தொழிலாளி தன் பங்காக ஒரு நிதியாண்டில் 2,50,000-க்கு மேல் போட்டால், அந்த உபரித் தொகைக்கு வரும் வட்டி வரிக்கு உட்பட்டது. 2,50,000 என்பதில் வழக்கமான 12 சதவீதமும் வி.பி.எஃப்-ம் சேர்ந்தே கணக்கு. நிறுவனத்தின் பங்கு இந்த வரம்பில் வராது. நீங்கள் 6,000 + 10,000 போட்டால் வருடத்துக்கு 1,92,000, பிரச்சினையே இல்லை. புதிய வரிமுறையில் இருந்தால் போடும் பணத்துக்குக் கழிவு கிடையாது, ஆனால் வரம்புக்குள் உள்ள பணத்தின் வட்டிக்கு வரியும் கிடையாது.

20,000 போட்டால்? மாதம் 26,000, வருடம் 3,12,000. ஒன்பது மாதத்தில் 2,34,000 ஆகிவிடும். பத்தாவது மாதம் வரம்பைத் தாண்டும். அந்த மாதத்தில் 10,000, அடுத்த இரண்டு மாதங்களில் தலா 26,000, ஆக 62,000 தனியே வரிக்கணக்கு என்ற பகுதிக்குப் போய்விடும். வருடக் கடைசியில் வந்த பணம் என்பதால் முதல் வருடம் இதற்கு வட்டி சுமார் 316 ரூபாய்தான். "இவ்வளவுதானா" என்று எல்லாரும் தைரியமாகத் தொடர்வது இங்கேதான்.

ஆனால் வரிக்கணக்குக்குள் போன பணம் திரும்ப இந்தப் பக்கம் வராது. அசல் அங்கேயே இருக்கும், அதன் வட்டியும் அங்கேயே சேரும், அந்த வட்டிக்கு வரும் வட்டிக்கும் வருடா வருடம் வரி. இரண்டாம் வருடம் வரிக்குரிய வட்டி 5,457. இந்த வட்டி வருடத்துக்கு 10,000-ஐத் தாண்டியதும் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள். மூன்றாம் வருடம் வட்டி 11,023, அந்தப் பகுதியின் இருப்பு 2,02,796. நான்காம் வருடம் நீங்கள் விழித்துக்கொண்டு வி.பி.எஃப்-ஐ 10,000-க்குக் குறைத்தாலும், அந்த இரண்டு லட்சத்துக்கு வரும் 16,700 ரூபாய் சொச்சம் வட்டிக்கு வரி கட்டித்தான் ஆக வேண்டும். பணத்தை எடுக்கும்வரை இது ஓயாது. டி.டி.எஸ். பிடித்ததோடு முடிந்துவிட்டது என்றும் இருக்கக் கூடாது. கணக்குத் தாக்கலில் பிற வருமானமாகக் காட்டி, உங்கள் வரி விகிதத்துக்கு மீதியைக் கட்ட வேண்டும். 30 சதவீத வரியில் இருப்பவருக்கு, செஸ் சேர்த்துப் பார்த்தால், 8.25 என்பது கையில் 5.7 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதற்காக அவ்வளவு நாள் பணத்தைப் பூட்டி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பாஸ்புக்கில் வி.பி.எஃப் என்று தனியாகத் தேடாதீர்கள். தொழிலாளி பங்கு என்ற இடத்தில் இரண்டும் சேர்ந்து 16,000 என்று இருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் 10,000 பிடித்திருந்தும் அங்கே 6,000 மட்டும் தெரிந்தால், அந்த மாதமே சம்பளப் பிரிவில் கேளுங்கள். பணம் கணக்குக்கு வந்த பிறகுதான் அதற்கு வட்டி ஓடும். வருட வட்டி மட்டும் பாஸ்புக்கில் தாமதமாகத் தெரியலாம். அறிவிப்பு, ஒப்புதல் என்று மாதங்கள் போகும். அதில் இழப்பு இல்லை, நிதியாண்டு முடிந்த தேதியிலிருந்தே அது இருப்பில் சேர்ந்ததாகக் கணக்கு.

2,50,000 வரம்பை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 20,833. அதில் 6,000 போக, இன்றைய சம்பளத்தில் உங்களுக்கு இடம் மாதம் 14,833 வரை இருக்கிறது. ஆனால் அடிப்படைச் சம்பளம் 60,000 ஆனால் கட்டாயப் பிடித்தமே 7,200 ஆகும், இடம் 13,633-க்குச் சுருங்கும். 14,800 என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறந்தால், அந்த வருடமே 14,000 ரூபாய் வரிக்கணக்குக்குப் போய்விடும். பல நிறுவனங்கள் வி.பி.எஃப் தொகையை நிதியாண்டுத் தொடக்கத்தில் மட்டுமே மாற்ற விடுகின்றன. ஆகவே சம்பள உயர்வு வரப்போகிறது என்று தெரிந்தால், புதிய அடிப்படைச் சம்பளத்தின் 12 சதவீதத்தை 20,833-லிருந்து கழித்துப் பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே ஒரு தொகையை ஏப்ரலுக்குள் எழுதிக் கொடுங்கள்.