விளம்பர வீடியோவுக்குப் பின்னணி இசை: வாசகர் கேள்விகள்

ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். ஆடித் தள்ளுபடி வீடியோவுக்கு ‘ராயல்டி ஃப்ரீ’ இசையைக் காசு கொடுத்து வாங்கினோம். யூடியூபில் ஏற்றியதுமே காப்பிரைட் கிளெய்ம் வந்துவிட்டது. ஏமாந்துவிட்டோமா?

அநேகமாக இல்லை. ராயல்டி ஃப்ரீ என்றால் காப்புரிமையே இல்லாத இசை என்று பலரும் நினைக்கிறார்கள். ஒருமுறை பணம் கட்டினால், வீடியோ ஓடுகிற ஒவ்வொரு தடவைக்கும் தனியாகக் கட்ட வேண்டாம். அதற்கு அவ்வளவுதான் பொருள். உரிமை இன்னும் இசையமைத்தவரிடம்தான் இருக்கிறது. காசு கட்டாமல் எடுப்பவர்களைப் பிடிக்க, அவர் அந்த இசையை, வீடியோக்களில் ஒலிப்பதைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதிந்து வைத்திருக்கலாம். அந்த இயந்திரத்துக்குக் காது மட்டும்தான் உண்டு. உங்கள் பில் அதன் கண்ணில் படாது.

வந்திருப்பது கிளெய்ம்தான், ஸ்ட்ரைக் இல்லை. சேனலுக்கு உடனே ஆபத்தில்லை. ஆனால் உரிமையாளர் விரும்பினால் உங்கள் வீடியோவில் விளம்பரம் ஓடவிட்டுக் காசு பார்க்கலாம். உங்கள் தள்ளுபடிக்கு முன்னால் பக்கத்துக் கடை விளம்பரம் வந்தாலும் வரும்!

முதலில் இசை விற்ற தளத்தில் உங்கள் சேனலைப் பதிய வழி இருக்கிறதா பாருங்கள். சந்தா தளங்கள் பலவற்றில் உண்டு, அதைச் செய்தாலே கிளெய்ம் விலகிவிடும். இல்லையென்றால் யூடியூப் ஸ்டுடியோவில் Dispute கொடுத்து, காரணமாக License என்பதைத் தேர்ந்தெடுங்கள். இசையின் பெயர், வாங்கிய தேதி, உரிமச் சான்றிதழின் எண் மூன்றையும் எழுதுங்கள். எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கிளெய்ம் தானாக நீங்கும். கையில் உரிமம் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். எதிர்த்தரப்பு மறுத்து, நீங்கள் மேல்முறையீடு செய்து, அவர்கள் வீடியோவையே நீக்கச் சொன்னால் அப்போது வருவது ஸ்ட்ரைக். 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும்.

சினிமாப் பாட்டில் பத்து நொடி வரை போடலாமாமே?

அப்படி ஒரு சட்டம் எங்கும் இல்லை. நியாயமான பயன்பாட்டுக்கென்று இந்தியச் சட்டம் தரும் விலக்கு விமர்சனம், செய்தி போன்றவற்றுக்குத்தான், கடை விளம்பரத்துக்கு இல்லை.

இன்ஸ்டாகிராம் பிசினஸ் கணக்கில் பிரபலமான பாட்டுகள் வருவதில்லை. சொந்தக் கணக்கில் ரீல் செய்து, கடைக் கணக்கில் போடலாம் என்கிறார் எடிட்டர். சரியா?

சரியில்லை. அந்தப் பாட்டுகளுக்கு மெட்டா வாங்கியிருக்கும் உரிமை தனிமனிதப் பயன்பாட்டுக்கு மட்டும். கணக்கை மாற்றிப் போட்டாலும் விளம்பரம் விளம்பரம்தான். Meta Sound Collection என்ற தொகுப்பு வியாபாரத்துக்கும் இலவசம், அதிலிருந்து எடுங்கள். ஆனால் அது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கு மட்டுமானது. அதே வீடியோ யூடியூபுக்கும் போகிறதென்றால் அங்கே வேறு இசை வேண்டும். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்.

நகைக்கடை விளம்பரத்துக்கு நாதஸ்வரத்தில் தியாகராஜர் கீர்த்தனை வேண்டும். அவர் பழைய காலத்தவர்தானே, யூடியூபிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா?

கீர்த்தனையை எடுக்கலாம், ஒலிப்பதிவை எடுக்கக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனி உரிமை. தியாகராஜர் மறைந்தது 1847-இல். ஆசிரியர் இறந்து 60 ஆண்டுதான் பாடலுக்குக் காப்பு என்பதால் அது எப்போதோ பொதுச் சொத்தாகிவிட்டது. ஒலிப்பதிவுக்கோ, அது வெளியானதிலிருந்து 60 ஆண்டு. போன வருடம் வெளியான நாதஸ்வரப் பதிவு முழுக்கப் பதிவு நிறுவனத்தின் சொத்து.

நான் சொல்லும் வழி: ஒரு வித்வானை அழைத்து நீங்களே பதிவு செய்யுங்கள். கையோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், அதில் காலமும் எல்லையும் கட்டாயம் இருக்கட்டும். எழுதாமல் விட்டால், காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி உரிமை ஐந்தாண்டுக்குத்தான், அதுவும் இந்தியாவுக்குள் மட்டும் என்றே கொள்ளப்படும். சிங்கப்பூரில் கிளை திறக்கும்போதுதான் இது தெரியவரும். அப்புறம், ஸ்டுடியோவில் பதிவான மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். மெட்டு ஒன்றே என்பதால் இயந்திரம் குழம்பிக் கிளெய்ம் போட்டால், இது எங்கள் சொந்தப் பதிவு என்று காட்ட அவைதான் சாட்சி.

CC BY-ND என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போட்ட இசை இலவசம்தானே?

கேட்கவும் பகிரவும் இலவசம். ஆனால் ND என்றால் மாற்றக் கூடாது. இசையை வீடியோவோடு பொருத்துவதே மாற்றம் என்று அந்த உரிமம் தெளிவாகச் சொல்கிறது, அதனால் உங்களுக்கு உதவாது. NC என்றிருந்தால் வியாபாரத்துக்கு ஆகாது. வெறும் CC BY என்றால் தாராளமாக எடுங்கள், வீடியோ விவரத்தில் இசையமைத்தவர் பெயரும் உரிமத்தின் பெயரும் இருக்க வேண்டும்.

ஃப்ரீலான்ஸ் எடிட்டரின் சந்தாவிலிருந்து இசை வந்தால் போதுமா?

அவர் திட்டம் வாடிக்கையாளர் வேலைக்கும் செல்லுமா என்று கேளுங்கள். தன் சேனலுக்கு மட்டும் எடுத்த மலிவான திட்டமாக இருந்தால் உங்கள் கடையைக் காப்பாற்றாது. சம்பளம் தரும் முன்பே, உங்கள் கடைப் பெயரில் உரிமச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.