மூடிய கணக்குக்குப் போய்த் திரும்பிய ரீஃபண்ட்: எப்படிக் கேட்டு வாங்குவது?

கேள்வி: நான் மூடிவிட்ட கணக்குக்கு ஆன்லைன் கடை ரீஃபண்ட் அனுப்பிவிட்டது. பேங்கில் கேட்டால் திருப்பி அனுப்பிவிட்டோம் என்கிறார்கள், கடையில் எங்களுக்கு வரவில்லை என்கிறார்கள். யாரிடம் கேட்பது?

கடையிடம்தான். அநேகமாக உங்கள் பணம் அவர்கள் கணக்கில்தான் கிடக்கிறது, அது யாருடையது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு சோபாவுக்காக நான் கட்டிய 18,500 ரூபாய் அப்படித்தான் கிடந்தது.

கணக்கை மூடுமுன் யோசித்திருக்க வேண்டாமா என்று கீழே யாராவது எழுதுவார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அது பழைய வேலையின் சம்பளக் கணக்கு. சம்பளம் நின்றதும் மினிமம் பேலன்ஸ் இல்லை என்று அபராதம் பிடிக்க ஆரம்பித்தார்கள், மூடினேன். ஆர்டரை ரத்து செய்தது அந்த ஃபர்னிச்சர் கம்பெனி, அதுவும் அதற்குப் பிறகு. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பழைய கணக்குக்கே நெஃப்டில் அனுப்பினார்கள்.

கஸ்டமர் கேரில் எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "எங்க சைடுல சக்சஸ்னு காட்டுது சார்." அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தத் திரையில் தெரிவது பணம் கிளம்பியது மட்டும்தான். நெஃப்டில் வரவு வைக்க முடியாத பணத்தை, பெறும் வங்கி இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பிவிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அப்படித் திரும்பும் பணம் கடையின் வங்கி ஸ்டேட்மெண்டில் புது வரவாக, வேறு ஒரு எண்ணோடு விழும். உங்கள் ஆர்டர் எண் அதில் இருக்காது. அக்கவுண்ட்ஸ் பிரிவு அதை அடையாளம் தெரியாத வரவு என்று ஓரமாக வைத்துவிடும். கஸ்டமர் கேர் திரையில் 'சக்சஸ்' அப்படியே நிற்கும். இந்த இரண்டையும் இணைத்துக் காட்டும் வேலை நம் தலையில்தான் விழுகிறது.

ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் யுடிஆர் என்று ஒரு தனி எண் உண்டு; முதலில் கடையிடம் ரீஃபண்டின் யுடிஆர் எண்ணையும் தேதியையும் மெயிலில் வாங்குங்கள். நெஃப்ட் என்றால் எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இருக்கும். அதை எடுத்துக்கொண்டு பழைய கிளைக்கு நேரில் போங்கள். கவுண்டரில் இருந்தவர் என்னிடம், "கணக்கே இல்லையே, எதைப் பார்க்கச் சொல்றீங்க?" என்றார். கணக்கை மூடினாலும் அதன் எண் அவர்கள் சிஸ்டத்தில் இருக்கும், யுடிஆரை வைத்தும் தேட முடியும். உள்ளே இருந்த துணை மேலாளர் அம்மாதான் தேடி எடுத்தார். வந்த தேதி, திருப்பிய தேதி, திருப்பியதற்கான எண், காரணம் 'கணக்கு மூடப்பட்டது' என்று நான் கொடுத்த கடிதத்தின் அடியிலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். பணத்தை மீட்டது அந்த நாலு வரிதான். வாயால் "அனுப்பிட்டோம்" என்றால் ஏற்காதீர்கள். கணக்கை மூடியதற்கான கடிதத்தையும் அங்கேயே வாங்கிவிடுங்கள்.

அடுத்த மெயிலை கஸ்டமர் கேருக்கு அனுப்ப வேண்டாம். கடையின் இணையதளத்தில் குறைதீர்ப்பு அதிகாரியின் முகவரி இருக்கும், அவருக்கு அனுப்புங்கள். "ரீஃபண்ட் வரவில்லை" என்று எழுதினால் பழைய பதிலே வரும். "இந்தத் தேதியில், இந்த எண்ணில், உங்கள் கணக்குக்கு 18,500 ரூபாய் ரிட்டர்னாக வந்திருக்கிறது, ஸ்டேட்மெண்டில் பார்க்கவும்" என்று நான் எழுதினேன். வங்கிக் கடிதம், புதிய கணக்கின் கேன்சல் செய்த செக் இரண்டையும் இணைத்தேன். புதிய கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், மனைவி கணக்கைக் கொடுத்தால் மறுபடி இழுக்கும். பேமெண்ட் கேட்வே வழியாகக் கட்டியிருந்தால், வேறு கணக்குக்கு அனுப்ப எனக்குச் சம்மதம் என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். கட்டிய வழியிலேயே திருப்ப வேண்டும், வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் மட்டுமே மாற்றலாம் என்பது கேட்வேகளுக்கான விதி.

டெபிட் கார்டில் கட்டியவர்களுக்குக் கதை வேறு. அந்தப் பணம் கடைக்குத் திரும்பாமல் பழைய வங்கியின் உள்கணக்கு ஒன்றிலேயே தங்கியிருக்கலாம். கடையிடம் கார்டு ரீஃபண்டை அடையாளம் காட்டும் ஏஆர்என் என்ற 23 இலக்க எண்ணை வாங்கி வங்கியைத்தான் பிடிக்க வேண்டும்.

குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915. வங்கி எழுத்தில் பதில் தர மறுத்தால் முதலில் வங்கியிலேயே புகார் கொடுங்கள், 30 நாளில் தீராவிட்டால் cms.rbi.org.in. ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் வங்கியைப் பற்றித்தான் புகார் செய்யலாம், கடையைப் பற்றி அல்ல. இதைச் சொன்னால் சிலர் சண்டைக்கு வருகிறார்கள், ஆனால் விதி அதுதான்.

எனக்குப் பணம் வந்தது, 18,001 ரூபாயாக. 499 ரூபாய் டெலிவரி கட்டணமாம். வராத சோபாவுக்கு எதற்கு டெலிவரி கட்டணம் என்று இன்னொரு மெயில் போட்டிருக்கிறேன்.